பிகாஸ், ஆல்தோ: தனித்து நிற்காத தொடர்கள்

ஆங்கிலத்தில் இரண்டு தொடர்களை இணைக்கும் சொற்கள் இரண்டு வகைப்படும். இரண்டையும் சமமாக வைத்து இணைப்பவை ஒரு வகை. ஒன்றை மற்றொன்றுக்குள் உறுப்பாக அடக்கிவிடுபவை இன்னொரு வகை. முதல் வகையைச் சமநிலை இணைப்புச்சொல் என்றும் இரண்டாவதைச் சார்பு இணைப்புச்சொல் என்றும் சொல்லலாம். பள்ளி வகுப்பறைகளில் கோஆர்டினேட்டிங், சபார்டினேட்டிங் கஞ்சங்ஷன் என்று சொல்லப்படுபவை இவைதான். எழுவாயும் அதற்கேற்ற முற்றுவினையும் கொண்ட சொற்கூட்டமே இங்கே தொடர் எனப்படுகிறது.

சமநிலை இணைப்புச்சொற்கள் மிகச் சிலவே. அண்ட், பட், ஆர், நார், ஃபார், யெட், ஸோ என்னும் ஏழையும் பள்ளி இலக்கண நூல்கள் பட்டியலிடும். சார்பு இணைப்புச்சொற்களின் பட்டியல் நீளமானது. பிகாஸ், ஆல்தோ, இஃப், வென், வைல், அன்லெஸ், சின்ஸ் போன்றவை அதில் அடங்கும். இவற்றில் தமிழ் மாணவர்களை அதிகம் தடுமாற வைப்பவை பிகாஸும் ஆல்தோவும்தான். காரணத்தைச் சொல்ல பிகாஸ். 'அப்படியிருந்தும்' என்ற முரணைச் சொல்ல ஆல்தோ.

விடுப்புக் கடிதங்களில் அடிக்கடி காணப்படும் ஒரு வரியை எடுத்துக்கொள்ளலாம்: "ஐ வாஸ் ஆப்சென்ட் யெஸ்டர்டே. பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்." இரண்டு இடங்களில் முற்றுப்புள்ளி இருக்கிறது. முதல் புள்ளிவரை உள்ளது குறையில்லாத வாக்கியம். இரண்டாவது வாக்கியமே அல்ல, உடைந்த துண்டு. ஆசிரியர் அதன்கீழ் சிவப்புக் கோடு போடுவார். ஆனால் அந்தத் துண்டில் ஐ என்ற எழுவாய் இருக்கிறது, ஹேட் என்ற இறந்தகால முற்றுவினை இருக்கிறது, ஃபீவர் என்ற செயப்படுபொருளும் இருக்கிறது. வாக்கியத்துக்கு வேண்டிய எல்லாம் இருந்தும் அது ஏன் வாக்கியமாகவில்லை?

பிகாஸை விரலால் மறைத்துப் பார்த்தால் விடை புலப்படும். "ஐ ஹேட் ஃபீவர்" என்பது எந்தக் குறையும் இல்லாமல் தனியே நிற்கிறது. அதை நிற்கவிடாமல் செய்வது முன்னால் வந்த அந்த ஒற்றைச் சொல். 'எனக்குக் காய்ச்சல் இருந்தது' என்ற செய்தியை 'எனக்குக் காய்ச்சல் இருந்த காரணத்தால்' என்று பிகாஸ் மாற்றிவிடுகிறது. காரணம் என்றால் ஏதோ ஒன்றுக்குக் காரணமாக இருக்க வேண்டும். அந்த 'ஏதோ ஒன்று' அதே வாக்கியத்துக்குள் வர வேண்டும் என்பது ஆங்கிலத்தின் விதி. அதாவது, பிகாஸ் தொடர் புதிய கூற்று ஒன்றைச் சொல்ல வருவதில்லை. 'நேற்று', 'வீட்டில்', 'மெதுவாக' போன்ற சொற்கள் ஒரு வினையோடு ஒட்டி நிற்பதைப் போலவே அதுவும் முதன்மைத் தொடரின் வினையோடு ஒட்டி நிற்கிறது. 'நேற்று' என்று மட்டும் எழுதிப் புள்ளி வைத்தால் எப்படி வாக்கியமாகாதோ, பிகாஸ் தொடரும் அப்படியே ஆகாது.

ஆல்தோவுக்கும் இதே கதைதான். "ஆல்தோ ஐ ஹேட் ஃபீவர்" என்று நிறுத்தினால், 'காய்ச்சல் இருந்தபோதிலும்' என்ற அளவில் பேச்சு அந்தரத்தில் நிற்கிறது. எதற்குக் காய்ச்சல் தடையாக இருந்திருக்க வேண்டும், ஆனால் எது நடந்தது என்பது தெரியவில்லை. "ஆல்தோ ஐ ஹேட் ஃபீவர், ஐ கேம் டு ஸ்கூல்" என்று முடித்தால்தான் வாக்கியம் நிறைவு பெறும்.

இதே பொருளைப் பட் என்ற சமநிலைச் சொல்லாலும் சொல்லலாம்: "ஐ ஹேட் ஃபீவர், பட் ஐ கேம் டு ஸ்கூல்." நடந்த செய்தி ஒன்றே, கட்டுமானம்தான் வேறு. இங்கே இரண்டு கூற்றுகளும் சரிசமமாக நிற்கின்றன. கமாவை எடுத்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்து, "ஐ ஹேட் ஃபீவர். பட் ஐ கேம் டு ஸ்கூல்" என்று எழுதினாலும் இலக்கணப் பிழை இல்லை. பட் தனக்குப் பின்வரும் தொடரை யாருக்கும் உறுப்பாக்குவதில்லை. முன்னே சொன்னதோடு அதற்குள்ள தொடர்பை மட்டும் காட்டுகிறது. வாக்கியத்தைப் பட்டில் தொடங்கக் கூடாது என்று சிலர் கண்டிப்பது நடை பற்றிய கருத்து. ஆனால் ஆல்தோ தொடரைப் புள்ளி வைத்துப் பிரித்தால், அது நடையைத் தாண்டி வாக்கிய அமைப்பையே உடைத்துவிடும்.

பொருளை மட்டும் பார்த்து ஒரு சொல் எந்த வகை என்று முடிவு செய்ய முடியாது. பட்டும் ஆல்தோவும் முரணைத்தான் காட்டுகின்றன, வகை வேறு. ஃபாரும் பிகாஸும் காரணத்தைத்தான் காட்டுகின்றன, வகை வேறு. வகையைக் கண்டுபிடிக்க இலக்கண ஆசிரியர்கள் சில சோதனைகளைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் எளிமையானது இடமாற்றம். சார்புத் தொடரை அதன் இணைப்புச்சொல்லோடு சேர்த்துத் தூக்கி வாக்கியத்தின் முன்னால் வைக்கலாம்: "பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர், ஐ வாஸ் ஆப்சென்ட்." ஃபார் தொடரை அப்படி முன்னால் கொண்டுவர முடியாது. "பட் ஐ கேம் டு ஸ்கூல், ஐ ஹேட் ஃபீவர்" என்றாலும் வாக்கியம் குலைந்துவிடும். உறுப்பாக இருப்பதை உடலுக்குள் இடம் மாற்றலாம். சமமாக நிற்பவற்றை இணைக்கும் சொல்லோ இரண்டுக்கும் நடுவில்தான் நிற்க முடியும்.

இன்னொரு சோதனை சற்று நுட்பமானது. "ஆல்தோ ஹி வாஸ் டயர்ட், ரவி வென்ட் டு ஸ்கூல்" என்ற வாக்கியத்தில் 'ஹி' என்பது பின்னால் வரும் ரவியையே குறிக்க முடியும். "ஹி வாஸ் டயர்ட், பட் ரவி வென்ட் டு ஸ்கூல்" என்றால் களைத்தவர் ஒருவர், பள்ளிக்குப் போன ரவி வேறொருவர் என்றே ஆங்கிலம் அறிந்தவர் எடுத்துக்கொள்வார். ஆல்தோ தொடர் முதன்மைத் தொடருக்குக் கட்டுப்பட்டது என்பதால், பெயர் பின்னால் வரும் என்று வாசகர் காத்திருக்கிறார். பட்டுக்கு முன்னுள்ள தொடர் தனியாட்சி உள்ளது. அங்கே அந்தக் காத்திருப்புக்கு இடமில்லை.

பிகாஸ் தொடர் எவ்வளவு ஆழமாக முதன்மைத் தொடருக்குள் அமர்ந்திருக்கிறது என்பதை எதிர்மறை வாக்கியங்கள் காட்டிக்கொடுக்கும். "ஹி டிட் நாட் ரிசைன் பிகாஸ் ஹி வாஸ் ஆங்ரி" என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. கோபமாக இருந்ததால் அவர் ராஜினாமா செய்யவில்லை என்பது ஒன்று. ராஜினாமா செய்தார், ஆனால் அதற்குக் காரணம் கோபமல்ல என்பது இன்னொன்று. இரண்டாவது பொருளில், நாட் என்ற மறுப்பு ரிசைனைத் தாண்டிப் போய் பிகாஸ் தொடரையே மறுக்கிறது. உள்ளே இருப்பதைத்தான் இப்படித் தொட முடியும். ஸோ, பட் ஆகியவற்றுக்குப் பின்வரும் தொடரை முன்தொடரின் மறுப்பு தொடுவதில்லை. ஆகவே பிகாஸுக்கு முன் மறுப்பு வந்தால் எழுதுபவர் கவனமாக இருக்க வேண்டும். முதல் பொருள் வேண்டுமென்றால் பிகாஸ் தொடரை முன்னால் கொண்டுபோய்விட்டால் குழப்பம் தீரும்.

தமிழ் பேசுபவர்களுக்கு இந்தப் பிழை இயல்பாக வருவதற்குத் தமிழின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. சார்பைத் தமிழ் வினையின் வடிவத்திலேயே காட்டிவிடும். 'காய்ச்சல் வந்ததால்', 'காய்ச்சல் வந்தாலும்' என்று சொன்னால் வினை முற்றுப் பெறவில்லை என்பது காதிலேயே விழுகிறது. யாரும் அங்கே புள்ளி வைக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் வினை மாறுவதில்லை. தனி வாக்கியத்திலும் ஹேட்தான், பிகாஸுக்குப் பின்னும் ஹேட்தான். சார்பைக் காட்டும் அடையாளம் தொடரின் முன்னால் உள்ள ஒரே சொல்லில் ஒளிந்திருக்கிறது. தமிழ்க் காதுக்கு முற்றுவினை கேட்டவுடன் வாக்கியம் முடிந்ததாகப் படுகிறது.

அகராதியும் இந்தக் குழப்பத்தை வளர்க்கிறது. பிகாஸுக்குப் பொருள் 'ஏனென்றால்' என்று மாணவர் மனப்பாடம் செய்கிறார். 'நான் நேற்று வரவில்லை. ஏனென்றால் எனக்குக் காய்ச்சல் இருந்தது' என்பது தமிழில் முற்றிலும் சரி. 'ஏன் என்று கேட்டால்' என்று அந்தச் சொல்லே கேள்வியைத் தன்னுள் வைத்திருப்பதால், அதற்குப் பின்வருவது விடையாகத் தனியே நிற்கும் முழு வாக்கியம். இந்த வேலையைச் செய்யும் சொல் பிகாஸ் அல்ல. வாக்கிய அமைப்பைப் பொறுத்தவரை பிகாஸுக்கு நெருக்கமானது 'வந்ததால்' என்பதில் உள்ள 'ஆல்'. ஆல்தோவுக்கு நெருக்கமானது 'வந்தாலும்' என்பதில் உள்ள 'ஆலும்'. மாணவர் இப்படிப் பொருள் கொண்டால் பிழை தானாகவே குறையும்.

ஆல்தோவில் தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் பட் போடுவது இன்னொரு பரவலான பிழை. "ஆல்தோ ஐ ஹேட் ஃபீவர், பட் ஐ கேம்" என்றால் ஒரே முரணை இரண்டு சொற்கள் சொல்கின்றன. ஒன்று உறுப்பாக்குகிறது, மற்றொன்று சமமாக்குகிறது. இரண்டில் ஒன்றை நீக்க வேண்டும். பழைய இலக்கண நூல்கள் தோ, யெட் என்ற இரண்டையும் ஜோடியாகக் கற்பித்தன. அங்கே யெட் 'இருந்தும்' என்று அழுத்தம் தரும் வினையடையாக வருவதால் அது பிழையாகக் கருதப்படவில்லை. இன்றைய நடையில் அந்த ஜோடி அருகிவிட்டது.

பிகாஸில் வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது என்று சில வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது. அப்படி ஒரு விதி கிடையாது. முதன்மைத் தொடர் பின்னால் வந்து சேரும்வரை அது நல்ல வாக்கியமே. 'ஏன் வரவில்லை?' என்ற கேள்விக்கு "பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்" என்று பதில் சொல்வதும் பேச்சில் சரிதான். அங்கே முதன்மைத் தொடர் கேள்வியிலேயே இருப்பதால் பதிலில் தொக்கி நிற்கிறது. விளம்பரங்களிலும் கதைகளிலும் எழுத்தாளர்கள் வேண்டுமென்றே பிகாஸ் துண்டுகளை விடுவதுண்டு. தேர்விலும் கடிதத்திலும் அந்தச் சலுகை இல்லை.

இந்தச் சார்புத் தன்மையை வேறு கோணத்தில் பார்க்கும் இலக்கண அறிஞர்களும் உண்டு. ராட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் 2002இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம், பிகாஸ், ஆல்தோ இரண்டையும் இணைப்புச்சொல் என்றே வகைப்படுத்தவில்லை. தொடர் ஒன்றைத் தனக்குப் பின் ஏற்கும் முன்னிடைச்சொற்கள் என்கிறது. "பிகாஸ் ஆஃப் ஃபீவர்" என்ற சொற்கூட்டம் தனி வாக்கியமாகாது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதே பிகாஸ் ஃபீவருக்குப் பதில் முழுத் தொடர் ஒன்றை ஏற்றாலும் நிலைமை மாறுவதில்லை என்பதே இந்த வகைப்பாட்டின் பயன்.

விடுப்புக் கடிதத்தின் வரியை மூன்று விதமாகத் திருத்தலாம். "ஐ வாஸ் ஆப்சென்ட் யெஸ்டர்டே பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்" என்று புள்ளியை நீக்கி எழுதலாம். நடுவில் கமா வேண்டாம். "பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர், ஐ வாஸ் ஆப்சென்ட் யெஸ்டர்டே" என்று முன்னால் கொண்டுவந்தால் கமா வேண்டும். "ஐ ஹேட் ஃபீவர், ஸோ ஐ வாஸ் ஆப்சென்ட் யெஸ்டர்டே" என்று சமநிலைச் சொல்லுக்கு மாறலாம். எழுதி முடித்தபின் பிகாஸ், ஆல்தோ வரும் இடங்களை மட்டும் ஒருமுறை பார்த்து, அதே புள்ளிக்குள் முதன்மைத் தொடர் ஒன்று இருக்கிறதா என்று சரிபார்த்தால் போதும். இல்லையென்றால் அது பாதி வாக்கியம்.