எச்.ஆர். அழைத்து எடுக்க முடியாமல் போனால்

வேலைக்கு ஆள் எடுக்கும் எச்.ஆர். அல்லது கன்சல்டன்சிக்காரரின் முதல் அழைப்பு பெரும்பாலும் சுருக்கமானது. விண்ணப்பித்தவர் இன்னும் வேலை தேடுகிறாரா, எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு, நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்ற மூன்றையும் கேட்டுக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அவர் கையில் ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். எடுக்காத அழைப்புக்கு எதிரே ஒரு குறிப்பு எழுதிவிட்டு நகர்வது அவருக்கு வழக்கம். அழைப்பைத் தவறவிட்டவர் அன்றே பதில் அனுப்பினால் அந்தக் குறிப்பு மாறும்.

உடனே திருப்பி அழைப்பது இயல்பாகத் தோன்றினாலும் பல நேரம் பயன்படாது. எச்.ஆர். அதற்குள் வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பார். எடுத்தாலும் பெயரைக் கேட்டு, எந்த வேலைக்கான விண்ணப்பம் என்று தேடிப் பிடிப்பதற்குள் பேச்சு தடுமாறும். குறுஞ்செய்தியோ வாட்ஸப் செய்தியோ போனால், ரெஸ்யூமேயைத் திறந்து வைத்துக்கொண்டு அவரே அழைக்கலாம்.

கோவையில் ஒரு பட்டறையில் சி.என்.சி. புரோகிராமராக இருப்பவருக்கு 2025 நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை காலை 11.40-க்கு ஓர் அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணி ஷிப்ட். போன் லாக்கரில் இருக்கிறது. 2 மணிக்கு வெளியே வந்து பார்க்கிறார். ட்ரூகாலரில் எச்.ஆர். என்று காட்டுகிறது. அவர் அனுப்ப வேண்டிய செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“வணக்கம். நான் (பெயர்), கோவையில் சி.என்.சி. புரோகிராமராக வேலை செய்கிறேன். இன்று காலை 11.40-க்கு நீங்கள் அழைத்தபோது ஷிப்டில் இருந்ததால் எடுக்க முடியவில்லை. போன வாரம் நௌக்ரியில் நான் விண்ணப்பித்த சென்னை புரோகிராமர் வேலை பற்றியதா? இன்று மாலை 4.30 முதல் 5 வரை, அல்லது நாளை புதன் 12-ஆம் தேதி பிற்பகல் 3.30 முதல் 4 வரை பேசலாம். எது வசதி என்று சொன்னால் அந்த நேரத்தில் உங்கள் அழைப்புக்குக் காத்திருப்பேன்.”

இதில் அதிகம் யோசிக்க வேண்டியது நேரத்தைத்தான். “எப்போது வேண்டுமானாலும் அழையுங்கள்” என்பது மரியாதையாகத் தெரியும். ஆனால் மறுநாள் ஷிப்ட் நடுவிலோ பஸ்ஸிலோ அழைப்பு வந்து மறுபடியும் தவறும். ஒரே ஒரு நேரம் கொடுத்தால், அவருக்கு அது ஒத்துவராவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு நேரம் கொடுத்தால் “நாளை ஓகே” என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். அந்த இரண்டும் ஒரே நாளில் அடுத்தடுத்து இருந்தால் பயனில்லை. மாலை முழுவதும் அவர் மீட்டிங்கில் இருந்தால் இரண்டுமே போய்விடும். அதனால் ஒன்று அன்றைக்கு, மற்றொன்று மறுநாளைக்கு. இரண்டும் அலுவலக நேரத்துக்குள் வரும். தேதியும் கிழமையும் சேர்ந்து இருப்பதால், செய்தியை மறுநாள் காலையில் திறந்தாலும் “நாளை” என்றது எந்த நாள் என்ற குழப்பம் வராது. யார் யாரை அழைப்பது என்பதையும் கடைசி வரி தீர்த்துவிடுகிறது. அது இல்லாவிட்டால் இரு பக்கமும் காத்திருப்பதுதான் மிச்சம்.

நோக்கத்தை ஒரு வரியில் சொன்னால் போதும். விண்ணப்பித்த வேலை நினைவில் இருந்தால் அதன் பெயரும் ஊரும். பல இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தால் ஊகிக்காமல் “எந்த நிறுவனம், எந்த வேலை என்று தெரிவிக்க முடியுமா” என்று கேட்பதே நல்லது. வேறு நிறுவனத்தின் பெயரைத் தவறாக எழுதி அனுப்புவது சங்கடத்தில் முடியும். இந்தக் கேள்வி ஒரு சோதனையாகவும் உதவுகிறது. உண்மையான எச்.ஆர். நிறுவனத்தையும் வேலையையும் சொல்லத் தயங்கமாட்டார். அதைச் சொல்லாமல் பதிவுக் கட்டணம், ஆதார் நகல், ஓ.டி.பி. என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். சம்பளமும் நோட்டீஸ் காலமும் பேசும்போது வரட்டும். முதல் செய்தியில் அவை வேண்டாம்.

வந்தது லேண்ட்லைன் எண்ணாக இருந்தால் குறுஞ்செய்தி போய்ச் சேராது. அப்போது விண்ணப்பம் அனுப்பிய மின்னஞ்சலுக்கோ தளத்தின் செய்திப் பெட்டிக்கோ இதே வாசகத்தை, அழைப்பு வந்த எண்ணையும் சேர்த்து, அனுப்பலாம். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ அழைப்பு என்றால் “இந்திய நேரம்” என்று எழுதுவது கட்டாயம்: துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னே, சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னே.

பதில் வரும்வரை இரண்டு நேரத்தையும் காலியாக வைத்திருக்க வேண்டும். இரண்டும் அழைப்பில்லாமல் கடந்துவிட்டால், மறுநாள் காலை அதே செய்தியின் கீழ் புதிதாக இரண்டு நேரம் எழுதி ஒருமுறை அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், அந்த இடம் நிரம்பியிருக்கலாம் அல்லது பட்டியல் மாறியிருக்கலாம். மீண்டும் மீண்டும் அனுப்புவதால் எதுவும் மாறப்போவதில்லை.