ஈரிழைத் துண்டும் ஐந்நூறு கிராமும்

ஈரோட்டில் இருக்கும் என் பெரியம்மா மகள், பத்து வருடமாக ஈரிழைத் துண்டு வியாபாரம் செய்பவர். தறிக்காரர்களிடம் மொத்தமாக எடுத்து, தெரிந்த கடைகளுக்குப் போடுவார். போன வருடம் ஆன்லைனில் விற்கப் போகிறேன் என்று என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது புதுக் கணக்குத் திறக்கும் பக்கம் கணினியில் தயாராக இருந்தது. மூன்று துண்டுகளை மடித்து வைத்த அட்டைப்பெட்டி ஒன்றும் மேசைமேல் இருந்தது. நான் கேட்டது சமையலறைத் தராசையும் தையல் டேப்பையும்.

அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ என்று எந்தத் தளத்தில் விற்றாலும் கூரியர் செலவு எடைப்படிதான். அந்த எடை, தராசு காட்டும் எடை மட்டுமல்ல. பொட்டலத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் ஒரு கிலோ கணக்கு வரும். அதற்குப் பெயர் கன அளவு எடை. தராசு எடை, கன அளவு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பணம். பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் நாம்தான் கூலி கொடுக்கிறோம்.

அக்காவின் துண்டு ஒன்று 170 கிராம். மூன்று சேர்ந்தால் 510. பெட்டியையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். கட்டணம் பெரும்பாலும் அரைக் கிலோ அரைக் கிலோவாக ஏறுவதால், 510 கிராம் என்பது பத்து கிராமுக்காக அடுத்த படியில் கால் வைப்பது. பெட்டியை அளந்தோம்: 30, 25, 10. பெருக்கினால் 7500, ஐயாயிரத்தால் வகுத்தால் ஒன்றரைக் கிலோ. அரைக் கிலோச் சரக்குக்கு ஒன்றரைக் கிலோக் கூலி.

“ஏஞ்சாமி, பொட்டியில வெச்சுக் குடுத்தாத்தான லட்சணமா இருக்கும்?” என்றார்.

இரண்டு துண்டுகளை எடுத்துத் தட்டையாக மடித்து, அழுத்திக் கூரியர் கவரில் போட்டேன். 28, 22, 3 என்று வந்தது. கணக்கு 370 கிராம். தராசில் கவரோடு 355. இரண்டும் அரைக் கிலோவுக்குள் அடங்கின.

பிறகு நோட்டில் இரண்டு பக்கம் எழுதினோம். தளத்துக்குத் தளம் கட்டணம் வேறு, அடிக்கடி மாறவும் செய்யும். அதனால் கமிஷன் 10 சதவீதம், ஒரு ஆர்டருக்கு நிலையான கட்டணம் 20 ரூபாய், முதல் அரைக் கிலோக் கூலி 70, அதற்கு மேல் ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் 30 என்று ஒரு தோராயம் வைத்துக்கொண்டோம். இப்படிப் போட்டுப் பார்க்கத் தளங்களிலேயே கட்டணக் கணிப்பான் இருக்கும். விலை வைப்பதற்கு முன் அதைத் திறக்க வேண்டும், வைத்த பிறகு அல்ல.

மூன்று துண்டுப் பெட்டி, விலை 549. அதில் 5 சதவீத ஜிஎஸ்டி உள்ளடக்கம், அது 26 ரூபாய். மிச்சம் 523. கமிஷன் 55, நிலையான கட்டணம் 20, கூலி 130 போனால் 318. துண்டு ஒன்று 90 வீதம் 270, பெட்டி 25. கையில் நிற்பது 23 ரூபாய்.

இரண்டு துண்டுக் கவர், விலை 399. ஜிஎஸ்டி 19, மிச்சம் 380. கமிஷன் 40, நிலையான கட்டணம் 20, கூலி 70 போனால் 250. துண்டுக்கு 180, கவருக்கு 8. நிற்பது 62 ரூபாய்.

தளத்தின் கட்டணங்கள் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனியாகப் பிடிப்பார்கள். நாம் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால் அது வரவில் கழிந்துவிடும் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டியது இன்னொன்று: திரும்பி வரும் சரக்கு. பத்தில் ஒன்று திரும்புகிறது, போக வர 140 ரூபாய் போகிறது என்று வைத்தால் ஆர்டருக்கு 14 ரூபாய் குறையும். 62-இல் 14 போனால் தாங்கும். 23-இல் போனால் பத்து மாசம் உழைத்து டீச்செலவு மட்டும் மிஞ்சும். அக்கா பெட்டியை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார்.

இதற்குப் பிறகுதான் கணக்குத் திறக்கும் பக்கத்துக்கு வந்தோம். அங்கே முதல் கேள்வி ஜிஎஸ்டி எண். ஆன்லைனில் பொருள் விற்றால் வரவு செலவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஜிஎஸ்டி கட்டாயம் என்று இருந்த விதி, 2023 அக்டோபர் 1 முதல் கொஞ்சம் தளர்ந்தது. தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்து, மாநிலத்துக்குள் மட்டுமே விற்பவர்கள், பான் எண்ணை வைத்து ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். பரீட்சார்த்தமாகத் தொடங்குபவருக்கு இது வசதி. ஆனால் பாலக்காட்டிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு ஆர்டர்கூட எடுக்க முடியாது. ஓசூர் வரை போகலாம், அத்திப்பள்ளிக்குப் போகக் கூடாது. அக்காவுக்குக் கேரளத்தில் வாடிக்கை இருந்ததால் முழுப் பதிவே எடுத்தோம். அதற்கு அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது.

அடுத்தது பெயர். தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான், காரணம் நம் இனிஷியல். பான் அட்டை இனிஷியலை ஏற்காது, அப்பா பெயரை முழுசாக விரித்து எழுதியிருக்கும். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து இருக்கும். வங்கிப் புத்தகத்தில் அதே எழுத்து முன்னால் நிற்கும். கல்யாணமான பெண்ணாக இருந்தால் ஒரு இடத்தில் அப்பா எழுத்து, இன்னொரு இடத்தில் வீட்டுக்காரர் எழுத்து. நமக்கு எல்லாம் ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். அக்காவின் வங்கிச் சரிபார்ப்பு இரண்டு முறை தோற்றது இதனால்தான். வங்கிக்குப் போய்க் கணக்கின் பெயரைப் பான் அட்டையில் இருப்பது போலவே மாற்றிக்கொண்டு வந்த பிறகு ஒரே நாளில் முடிந்தது. விண்ணப்பிக்கும் முன்பே பான், வங்கி, ஜிஎஸ்டி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்திருந்தால் பத்து நாள் மிச்சம். ஜிஎஸ்டி எண்ணையும் அப்படியே சரிபார்க்கலாம். 15 இலக்கத்தில் முதல் இரண்டு 33 என்றால் தமிழ்நாடு, அடுத்த பத்தும் நம் பான் எண்.

இனி பொருளை ஏற்றுவது. பிராண்டு என்ற கட்டத்தில் ஆசையாக ஒரு பெயரைப் போட்டுவிடத் தோன்றும். அமேசானில் பதிவு செய்யாத பெயரைப் போட்டால் பட்டியல் பிழை காட்டி நின்றுவிடும். சொந்த முத்திரை இல்லாத சரக்குக்கு `Generic` என்று முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டால் போதும். பார்கோடு எண் கேட்கும். இல்லையென்றால் விலக்குக் கேட்க ஒரு படிவம் அங்கேயே இருக்கிறது, அதைப் பட்டியல் போடும் முன்பே அனுப்ப வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று யாரோ விற்கும் பழைய எண்ணை வாங்கிப் போடாதீர்கள், அது வேறொருவரின் பொருளாகவே பதிவாகியிருக்கும். எஸ்.கே.யு. என்று கேட்பது நாமே வைத்துக்கொள்ளும் அடையாளக் குறி. பிறகு மாற்ற முடியாததால் `ERI-2-WHT` மாதிரி, பார்த்தவுடன் சரக்கும் எண்ணிக்கையும் நிறமும் தெரிகிற மாதிரி வைத்தோம். எச்.எஸ்.என். குறியீடு துண்டுக்கு 6302-இல் தொடங்கும். ஒன்று 2500 ரூபாய்க்கு உட்பட்டால் 5 சதவீத வரி.

படத்துக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். முதல் படத்தில் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும், எழுத்தோ விலையோ போன் நம்பரோ இருக்கக் கூடாது, பொருள் சட்டத்தில் பெரும்பகுதியை நிறைக்க வேண்டும், நீளமான பக்கம் 1000 பிக்சலாவது இருந்தால்தான் பெரிதாக்கிப் பார்க்க முடியும். காலை வெளிச்சம் வருகிற சன்னல் ஓரம், ஒரு வெள்ளைச் சார்ட் தாள், கைப்பேசி, இவ்வளவுதான் நாங்கள் வைத்திருந்தது. அக்கா அழகாக இருக்கட்டும் என்று நான்கு நிறத்துண்டை விசிறிபோல் அடுக்கினார். வாங்குபவர் நான்கு வருமென்றுதான் நினைப்பார், இரண்டு வந்தால் திருப்பி அனுப்புவார். பொட்டலத்தில் இரண்டு என்றால் படத்திலும் இரண்டே.

விவரத்தில் அளவை டேப்பில் அளந்ததைத்தான் எழுத வேண்டும், தறிக்காரர் சொன்னதை அல்ல. முப்பதுக்கு அறுபது அங்குலம் என்று காலம்காலமாகச் சொல்லிவந்த துண்டு, அளந்தபோது இருபத்தொன்பதுக்கு ஐம்பத்தெட்டுதான் இருந்தது. அதையே போட்டோம். சாயம் முதல் இரண்டு அலசலில் லேசாக இறங்கும், தனியாக அலசுங்கள் என்று ஒரு வரி சேர்த்தோம். விசைத்தறித் துண்டைக் கைத்தறி என்று எழுதச் சொல்லிப் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் யோசனை சொன்னார். விற்கும்தான். தெரிந்தே எழுதும் பொய் அது என்பதால் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

பொட்டலத்துக்கு வெளியே ஒட்டும் சீட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சட்ட எடையளவு விதிகள்படி பொட்டலம் கட்டுபவரின் பெயர், முகவரி, பொருளின் பெயர், எண்ணிக்கை, தயாரித்த மாதம் வருடம், எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, புகாருக்கு ஒரு தொடர்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். தயாரித்த மாதம் வருடம் தவிர மற்றவை தளத்துப் பக்கத்திலும் தெரிய வேண்டும். சீட்டில் ஒரு எம்.ஆர்.பி., திரையில் ஒரு எம்.ஆர்.பி. என்று இருந்தால் வம்பு.

முதல் சரக்கு இருப்பை பத்து என்று மட்டும் போட்டோம், வீட்டில் நானூறு துண்டு இருந்தும். அனுப்ப முடியாமல் ரத்து செய்தால் புதுக் கணக்கின் மதிப்பு விழும். முதல் வாரம் மூன்று ஆர்டர். ஒவ்வொரு கவரையும் தராசில் வைத்து எண் தெரியப் படம், அளவுகோலை வைத்து நீளம் உயரம் தெரிய இன்னொரு படம். திரும்பி வரும் பொட்டலத்தைச் சீட்டு தெரியும்படி வெட்டாமல் வீடியோ எடுத்துக்கொண்டே பிரிக்கவும் பழகிக்கொண்டார்.

மாசக் கடைசியில் பணம் வந்த கணக்கைத் திறந்தால், ஒரு ஆர்டருக்கு மட்டும் ஒரு கிலோக் கூலி பிடித்திருந்தது. தளத்தின் புகார்ப் பகுதியில் அந்த இரண்டு படங்களையும் ஏற்றினோம். நாலாம் நாள் பிடித்தது திரும்பி வந்தது, முப்பத்தைந்து ரூபாய் நாற்பது பைசா. தராசு இப்போது சமையலறைக்குத் திரும்புவதில்லை. பருப்பு நிறுக்க வேண்டுமென்றால் அத்தான் முன்னறைக்கு வர வேண்டும்.