அடைப்புக்குறி இல்லாத கணக்கு

`20 - 3 * (9 - 5 - 2) + 8 / 4`

இந்தக் கணக்கைப் பார்த்ததும் நம் கண் நேராக அடைப்புக்குறிக்குள் போகும். பிறகு பெருக்கல், வகுத்தல், கடைசியாகக் கூட்டல், கழித்தல் என்று முன்னும் பின்னும் தாவும். இடமிருந்து வலமாக ஒரே முறை படித்துக்கொண்டு போகும் கணினி நிரலுக்கு இந்தத் தாவல் பெரிய இடைஞ்சல். 20-ஐயும் கழித்தல் குறியையும் பார்த்தாயிற்று. ஆனால் எதைக் கழிப்பது என்பது வெகுதூரம் போன பிறகுதான் தெரியும்.

இதற்கு வழி, குறியை எண்களுக்கு நடுவில் வைக்காமல் பின்னால் வைப்பது. 9 - 5 என்பதை 9 5 - என்று எழுதுவது. நடுவில் குறி வருவது இன்ஃபிக்ஸ், பின்னால் வருவது போஸ்ட்ஃபிக்ஸ். இரண்டாவது முறையில் அடைப்புக்குறியே தேவைப்படாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் முறையை நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1961-இல் விவரித்தார். அதற்கு ‘ஷண்டிங் யார்டு’ என்று பெயர். ரயில் பெட்டிகளைப் பக்கத் தண்டவாளத்தில் ஒதுக்கி நிறுத்தி, வேண்டிய வரிசையில் மறுபடி இழுத்துக் கோர்ப்பார்களே, அப்படித்தான் இங்கே குறிகள் ஒதுங்கி நிற்கின்றன. ஒதுங்கும் இடம்தான் ஸ்டாக். அதில் கடைசியாகப் போனதுதான் முதலில் வெளியே வரும்.

தாளில் ஒரு பக்கம் விடைவரிசை, ஒரு பக்கம் ஸ்டாக் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எண் வந்தால் நேரே விடைவரிசைக்கு. 20 அங்கே போகிறது. கழித்தல் ஸ்டாக்கில் காத்திருக்கிறது. 3 விடைக்கு. பெருக்கல் கழித்தலைவிட வலுவானது, அதனால் அதன் மேலேயே ஏறிக்கொள்கிறது. திறக்கும் அடைப்புக்குறியும் ஸ்டாக்குக்குப் போகிறது. அது ஒரு தடுப்பு, அதற்குக் கீழே இருப்பவற்றை இப்போதைக்குத் தொட முடியாது. 9 விடைக்கு, கழித்தல் தடுப்பின் மேல், 5 விடைக்கு.

இப்போது இன்னொரு கழித்தல் வருகிறது. மேலே இருப்பதும் கழித்தல்தான், இரண்டும் சம வலு. முறையின் உயிர்நாடி இந்த இடம்தான். சமமாக இருந்தால் பழையது வெளியேற வேண்டும், அதன் பிறகே புதியது ஏறலாம். 9 - 5 - 2 என்றால் முதல் கழித்தலைத்தானே நாம் முதலில் செய்கிறோம்!

அடுத்து 2 விடைக்கு. மூடும் அடைப்புக்குறி வந்ததும் தடுப்பு வரை உள்ள குறிகள் வெளியே வருகின்றன. இரண்டு அடைப்புகளும் மறைகின்றன. பிறகு கூட்டல். மேலே நிற்கும் பெருக்கல் அதைவிட வலுவானது, அது வெளியேறும். அதற்குக் கீழே உள்ள கழித்தல் சம வலு, அதுவும் வெளியேறும். கூட்டல் ஏறும். 8 விடைக்கு, வகுத்தல் கூட்டலின் மேல், 4 விடைக்கு. கணக்கு முடிந்ததால் ஸ்டாக்கில் மீந்தவை மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்குகின்றன.

`20 3 9 5 - 2 - * - 8 4 / +`

எண்களின் வரிசை மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். குறிகள் மட்டுமே நகர்ந்திருக்கின்றன.

மதிப்பிடும்போது இன்னொரு ஸ்டாக், இம்முறை எண்களுக்கு. எண் வந்தால் அடுக்குங்கள்; குறி வந்தால் மேலிருந்து இரண்டை எடுத்து, விடையைத் திரும்ப வையுங்கள். 20, 3, 9, 5 அடுக்கியதும் கழித்தல் வருகிறது. முதலில் கையில் வருவது 5. அது வலப்பக்க எண். அடுத்து வரும் 9 இடப்பக்க எண். கூட்டலிலும் பெருக்கலிலும் இது மாறினால் குற்றமில்லை. கழித்தலிலும் வகுத்தலிலும் விடையே மாறிவிடும். 9 - 5 = 4. பிறகு 4 - 2 = 2, 3 * 2 = 6, 20 - 6 = 14, 8 / 4 = 2, 14 + 2 = 16.

முடிவில் ஸ்டாக்கில் ஒரே ஒரு எண் மிஞ்ச வேண்டும். இரண்டு மிஞ்சினால் ஏதோ ஒரு குறி விடுபட்டிருக்கிறது. நடுவில் எடுக்க எண் இல்லாமல் போனால் எண் விடுபட்டிருக்கிறது. ஆனால் சம வலுக் குறியை வெளியேற்றாமல் விட்ட பிழை இந்தச் சோதனையில் சிக்காது. அப்படி விட்டால் நம் கணக்கு இப்படி மாறும்:

`20 3 9 5 2 - - * 8 4 / + -`

இதிலும் ஒரே எண்தான் மிஞ்சும், ஆனால் அது 0. உள்ளே 9 - (5 - 2) என்றாகி 6 வருகிறது. வெளியே 18-உம் 2-உம் சேர்ந்து 20-இலிருந்து கழிபடுகின்றன.

அடுக்குக்குறிக்கு மட்டும் இந்த விதி தலைகீழ். 2 ^ 3 ^ 2 என்பதில் வலப்பக்கத்தை முதலில் செய்வதே கணித வழக்கம்; அதன்படி விடை 512. அதனால் அங்கே சம வலுக் குறியை வெளியேற்றாமல் மேலேயே அடுக்க வேண்டும். வெளியேற்றினால் 64 வந்துவிடும்.

`24 - 2 * (10 - 4 - 1) + 9 / 3` என்ற கணக்கை நீங்களே தாளில் மாற்றி மதிப்பிட்டுப் பாருங்கள். 17 வந்தால் சரி. 7 வந்தால் சம வலு விதியை இரண்டு இடத்தில் விட்டிருக்கிறீர்கள்.