வட்ட வரைபு மறைக்கும் பதில்கள்

பாடசாலையோ அலுவலகமோ கருத்துக்கணிப்பு நடத்தி அறிக்கை எழுதும்போது, எந்த வரைபைப் போடுவது என்பது பெரும்பாலும் கடைசி நேரத்தில், பார்வைக்கு எது அழகு என்ற அளவிலேயே முடிவாகிறது. உண்மையில் அந்தத் தெரிவைத் தீர்மானிக்க வேண்டியது கேள்வித்தாள். ஒருவர் ஒரே ஒரு பதிலைத்தான் சொல்ல முடியுமா, பலவற்றைச் சொல்லலாமா, அல்லது ‘மிகத் திருப்தி’ முதல் ‘திருப்தியே இல்லை’ வரையிலான ஒரு வரிசையில் ஓரிடத்தைக் குறிக்கிறாரா என்பதுதான் வரைபின் வகையை முடிவு செய்கிறது. இதைக் கவனிக்காமல் வரைந்தால், எண்கள் அனைத்தும் சரியாக இருந்தும் அறிக்கை பொய் சொல்லும். அந்த அறிக்கையை வைத்துப் பணம் ஒதுக்கப்படும்போது இழப்பு பதில் சொன்னவர்களுக்கே.

கண்டி நகரப் பாடசாலை ஒன்று 120 பெற்றோரிடம், ‘உங்கள் பிள்ளை எவ்வாறு பாடசாலைக்கு வருகிறார்? பொருந்துவன அனைத்தையும் குறிக்கவும்’ என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். கம்பளையிலிருந்து ரயிலில் வந்து, நிலையத்திலிருந்து நடந்து செல்லும் பிள்ளைக்கு இரண்டு பதில்கள் விழும். காலையில் வேன், மாலையில் பஸ் என்று போய்வரும் பிள்ளைக்கும் அப்படித்தான். பஸ்ஸை 66 பேர், வேனை 42 பேர், முச்சக்கர வண்டியை 30 பேர், நடையை 24 பேர், ரயிலை 18 பேர் குறித்தால், 120 பேரிடமிருந்து 180 பதில்கள் கிடைக்கின்றன. பெற்றோரில் 55 வீதத்தினரின் பிள்ளைகள் பஸ்ஸை நம்பியிருக்கிறார்கள் என்பதே இதன் செய்தி. இந்த ஐந்து எண்களையும் எக்செலில் கொடுத்து வட்ட வரைபைக் கேட்டால், அது 66ஐ 180ஆல் வகுத்து, பஸ்ஸுக்கு 37 வீதம் என்று காட்டும். வீதங்களையே நேரடியாகக் கொடுத்தாலும் தப்ப முடியாது. ஐந்து வீதங்களின் கூட்டுத்தொகை 150 ஆக இருப்பதால், அவற்றையும் அது 100க்குள் சுருக்கிவிடும். எச்சரிக்கை எதுவும் திரையில் தோன்றாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கூடுதல் பஸ் கேட்டுக் கடிதம் எழுதுவதா என்று பேசும்போது, பாதிக்கு மேற்பட்டோரின் தேவை மூன்றில் ஒரு பங்கு சொச்சமாகக் குறைந்து நிற்கும். இத்தகைய கேள்விக்குப் பொருந்துவது கிடையான சலாகை வரைபு. சலாகைகளை நீளமானதிலிருந்து குறுகியது வரை அடுக்கி, ‘பதிலளித்தோர் 120, ஒருவர் பல பதில்களைத் தெரிவு செய்யலாம் என்பதால் வீதங்களின் கூட்டுத்தொகை 100ஐத் தாண்டும்’ என்று கீழே ஒரு வரி எழுதினால் போதும்.

இதே பொறி பெரிய தரவிலும் உண்டு. 2012ஆம் ஆண்டின் குடிசன, வீட்டுவசதித் தொகைமதிப்பு சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் மக்களுக்குள்ள ஆற்றலைப் பற்றியும் கேட்டது. அக்குறணையிலோ கண்டி நகரிலோ கடை நடத்தும் ஒருவர் இரண்டு மொழிகளில், சில வேளை மூன்றிலும் கணக்கில் வருவார். அந்த மூன்று எண்களையும் ஒரே வட்டத்தில் வெட்டிப் போட்டால், ஒரு மொழி தெரிந்தவருக்கு மற்றது தெரியாது என்ற பொருள்தான் படத்தில் தெரியும். இருமொழியாளர்கள் நிறைந்த ஊரைப் பற்றி அதைவிடப் பிழையான படம் வரைய முடியாது.

வட்ட வரைபு எல்லோருக்கும் பழக்கமானது, பெற்றோருக்கு உடனே புரியும், சலாகை வரட்சியாக இருக்கும் என்று சொல்வோர் உண்டு. வட்டத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பது உண்மைதான். 1801இல் வில்லியம் பிளேஃபேர் அதை அச்சில் கொண்டுவந்தது முழுமையின் பங்குகளைக் காட்டத்தான். ஒருவருக்கு ஒரே பதில், பகுதிகள் மூன்று நான்குக்கு மேற்படாமல், அனைத்தும் சேர்ந்து 100 என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் பகுதிகளை ஒன்றோடொன்று ஒப்பிடச் சொன்னால் கண் தடுமாறுகிறது. 1984இல் கிளீவ்லண்டும் மக்கிலும் வெளியிட்ட பரிசோதனைகளில், ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் அளவுகளை மக்கள் கோணங்களைவிடத் துல்லியமாக மதிப்பிட்டார்கள். 23 வீதத் துண்டையும் 27 வீதத் துண்டையும் வட்டத்தில் பிரித்தறிவது கடினம். சலாகையில் ஒரு பார்வை போதும். பக்கத்திலேயே அட்டவணை இருக்கிறதே என்ற சமாதானமும் நிற்காது. கூட்டத்தில் திரையில் விழுவது படம்தான். அட்டவணை பின்னிணைப்பில் இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: சலாகையின் அச்சு பூச்சியத்திலிருந்தே தொடங்க வேண்டும். 50இல் தொடங்கினால் 56இன் சலாகை 52இன் சலாகையைவிட மூன்று மடங்கு நீளமாகத் தெரியும்.

வரிசை உள்ள பதில்களில் ஆபத்து வேறு வகையானது. ஓர் அரச அலுவலகம் தன் சேவை பற்றி 100 பேரிடம் கேட்கிறது. 76 பேர் திருப்தி என்கிறார்கள். வட்டத்தில் அது அழகாகவே தெரியும். ஆனால் சேவை பெற்ற மொழிப்படி பிரித்துப் பார்ப்போம். சிங்களத்தில் பெற்ற 80 பேரில் 68 பேர் திருப்தி, அதாவது 85 வீதம். தமிழில் பெற்ற 20 பேரில் 8 பேர் மட்டுமே, அதாவது 40 வீதம். இவை உதாரணத்துக்கான எண்கள். ஆனால் கண்டி மாவட்டத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சிங்களவர் என்பது 2012 தொகைமதிப்பு காட்டும் நிலை. எனவே இங்கு எந்தக் கணிப்பிலும் மொத்த வீதம் பெரும்பான்மையின் அனுபவத்தையே எதிரொலிக்கும். ஒவ்வொரு மொழிக்கும் ஓர் அடுக்குச் சலாகை, அதற்குள் ‘மிகத் திருப்தி’யிலிருந்து ‘திருப்தியே இல்லை’ வரை அதே ஒழுங்கில் நிறங்கள் என்று வரைந்தால், இரண்டு சலாகைகளும் அருகருகே நின்று உண்மையைச் சொல்லும். இருபது பேரை வைத்து என்ன முடிவு செய்ய முடியும் என்று கேட்பது நியாயமே. அங்கே ஒரு மனிதர் 5 வீதம். அதற்குத் தீர்வு அந்தச் சலாகையை நீக்குவதல்ல. ‘20 பேர்’ என்று அதன் அருகிலேயே எழுதுவதும், அடுத்த முறை தமிழில் சேவை பெறுவோரிடம் கூடுதலாகக் கேட்பதும்தான். இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள பிரிவை மட்டும் தனியே காட்டக்கூடாது. சிறிய அலுவலகத்தில் யார் குறை சொன்னார் என்பது அதிலேயே வெளிப்பட்டுவிடும்.

ஓர் அறிக்கையின் படம் சந்தேகம் தந்தால் மூன்று விடயங்களைத் தேடுங்கள்: எத்தனை பேர் பதிலளித்தார்கள், ஒவ்வொரு பதிலையும் எத்தனை பேர் குறித்தார்கள், அந்த எண்களின் கூட்டுத்தொகை பதிலளித்தோர் தொகைக்குச் சமமா. கூட்டுத்தொகை அதிகமாக இருந்தும் வட்டம் வரையப்பட்டிருந்தால் படம் பிழை. எண்களே தரப்படவில்லை என்றால், அரச பாடசாலை, பிரதேச செயலகம், மாநகர சபை போன்ற பகிரங்க அதிகாரசபைகளிடம் அவற்றைக் கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரசைகளுக்கு வழி தருகிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே தகவல் அலுவலரிடம் கொடுக்கலாம். கேள்வித்தாளின் பிரதியையும், பதில்வாரியான எண்ணிக்கையையும் கேளுங்கள். பதிலளித்தோரின் பெயர்களைக் கேட்டால் தனியுரிமையைக் காட்டி மறுக்க இடமுண்டு. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதன் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. தமிழில் சேவையே கிடைக்கவில்லை என்பது எண்களில் தெரிந்தால், 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். சாதாரண தனியார் அலுவலகத்துக்கு இந்தத் தகவல் சட்டம் பொருந்தாது. அங்கே கூட்டத்தில் எழுந்து ‘மொத்தம் எத்தனை பேர்?’ என்று கேட்பதே வழி.

சரியான வரைபு பிழையான கணிப்பைத் திருத்திவிடாது. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் அனுப்பிய கேள்வித்தாள், கைத்தொலைபேசியில் இணையம் இல்லாத தோட்டக் குடும்பத்தைத் தொடவே இல்லை என்றால், எந்தச் சலாகையிலும் அந்தக் குடும்பம் வராது. ஆகவே பதிலளித்தோர் தொகையோடு, எத்தனை பேரிடம் கேட்கப்பட்டது, எந்த வழியில் கேட்கப்பட்டது என்பவற்றையும் வரைபின் கீழேயே அச்சிட வேண்டும். அந்த வரி இல்லாத அறிக்கையைச் சங்கக் கூட்டம் ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்பலாம்.