அம்மாவுக்குப் போட்டால் மாசசூசெட்ஸ்

அக்கா மகன் மேல்படிப்புக்காகச் சிகாகோ போய் இறங்கினான். அங்கேயே ஒரு சிம் வாங்கிப் போட்டு, "அம்மா" என்ற பெயரைத் தொட்டிருக்கிறான். மணி அடித்தது, எடுத்தது ஒரு வெள்ளைக்கார ஆண் குரல். "ராங் நம்பர்னு வெச்சிட்டார் சித்தி. ஆனா அது அம்மா நம்பர்தானே?" என்று அப்புறம் என்னிடம் கேட்டான்.

நம்பர் சரிதான். அக்காவின் எண் 978-இல் தொடங்கும். நம் ஊரைப் போலவே அமெரிக்காவிலும் பத்து இலக்கம்தான், அதில்தான் வம்பு. அங்கே முதல் மூன்று இலக்கம் வட்டாரத்தைக் குறிக்கும். 978 என்றால் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் பக்கம். 979 டெக்சாஸ், 989 மிச்சிகன். பத்து இலக்கத்தை மட்டும் கொடுத்தால் அந்த ஊர் நெட்வொர்க் அதை அந்த ஊர் எண்ணாகத்தான் படிக்கும். சிங்கப்பூரில் எட்டே இலக்கம் என்பதால் ஆள் மாறுவதைவிட அழைப்பே போகாமல் நிற்பதுதான் அதிகம். நம் சிம்மையே ரோமிங்கில் கொண்டுபோனாலும் பல சமயம் இதே கதைதான்.

இதற்கு மருந்து, எண்ணுக்கு முன்னால் +91 சேர்த்துப் பதிவது. போனில் 0-வைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் + வரும். வெளிநாட்டு அழைப்புக்கு இந்தியாவில் 00, அமெரிக்காவில் 011 என்று நாட்டுக்கு நாடு முன்னெண் மாறும். + போட்டுவிட்டால் எந்த நாட்டில் இருந்தாலும் நெட்வொர்க்கே அதைப் பார்த்துக்கொள்ளும்.

பலர் தவறுவது லேண்ட்லைனில். மதுரைப் பாட்டி வீட்டு எண் 0452 என்று தொடங்கும். அந்த முதல் 0 உள்நாட்டுக்குள் வெளியூர் அழைப்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டு +91 452, பிறகு வீட்டின் ஏழு இலக்கம். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரரின் 077 எண்ணும் அப்படித்தான், +94 77 ஆகும். (இத்தாலி லேண்ட்லைனில் மட்டும் 0-வை எடுக்கக் கூடாது, அவர்கள் வழக்கம் தனி.)

வாட்ஸ்அப்பில் இது சற்றுத் தாமதமாகத் தெரியவரும். இந்திய எண்ணிலேயே வாட்ஸ்அப் இருக்கும்வரை எல்லாம் சரியாகவே இருக்கும். அமெரிக்க எண்ணுக்கு மாற்றியதும், + இல்லாத எண்களை அது அமெரிக்க எண்களாக எடுத்துக்கொள்ளும். அத்தை, மாமா பெயர்கள் எல்லாம் போய் வெறும் எண்கள் நிற்கும்.

வங்கியின் 1800 இலவச எண்ணை நம்பாதீர்கள். வெளிநாட்டிலிருந்து அது பெரும்பாலும் எடுக்காது. கார்டின் பின்புறமோ வங்கித் தளத்திலோ +91-இல் தொடங்கும் எண் இருக்கும், அதைப் பதிந்துகொள்ளுங்கள்.

விமானம் ஏறுவதற்கு முன், மாற்றிய எண்கள் ஒவ்வொன்றுக்கும் இங்கிருந்தே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். +91 சேர்த்ததற்காக உள்ளூர் அழைப்புக்குக் கூடுதல் காசு பிடிக்கமாட்டார்கள்.