492 மோசடிகள், 99.83 சதவீதம் சரி
நேர்காணல் மேசை – 8

டேட்டா சயின்ஸ் நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி எடுத்து வைக்கும் ஒரு டேட்டா உண்டு. 2013 செப்டம்பரில் ஐரோப்பியக் கிரெடிட் கார்டுகளில் இரண்டு நாள் நடந்த 2,84,807 பரிவர்த்தனைகள் அதில் இருக்கின்றன. மோசடி என்று குறிக்கப்பட்டவை 492 மட்டுமே. ஆயிரத்துக்கு இரண்டு கூட இல்லை.

"எல்லாமே நல்ல பரிவர்த்தனைதான்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடலுக்கு இங்கே அக்யூரசி 99.83 சதவீதம். அது ஒரு மோசடியைக்கூடப் பிடித்திருக்காது. ஆகவே என் முதல் கேள்வி, "உங்கள் மாடல் எத்தனை மோசடியைப் பிடித்தது, அதற்காக எத்தனை நல்லவர்களை நிறுத்தியது?" என்பதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாடல் 1,000 பரிவர்த்தனைகளைச் சந்தேகிக்கிறது. அவற்றில் 400 உண்மையான மோசடி என்று வைத்துக்கொள்வோம். 492இல் 400 பிடிபட்டதால் ரீகால் 81 சதவீதம். சந்தேகித்த ஆயிரத்தில் 400 தான் சரி என்பதால் பிரிசிஷன் 40 சதவீதம். தவறாக நிறுத்தப்பட்ட 600 பேர், மொத்த நல்ல பரிவர்த்தனைகளில் வெறும் 0.21 சதவீதம். ஆர்ஓசி வரைபடம் இந்தச் சிறிய எண்ணைத்தான் பார்க்கிறது; அதனால் அழகாகத் தெரிகிறது. சந்தேகப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்குப் போன் போடும் வங்கி ஊழியருக்கோ பத்தில் ஆறு அழைப்பு வீண். பிரிசிஷனையும் ரீகாலையும் சேர்த்துப் பார்க்கும் வரைபடத்தை நான் கேட்பது அதனால்தான்.

அடுத்தது ஃபீச்சர். இந்த டேட்டாவில் நேரமும் தொகையும் தவிர மற்ற 28 பத்திகளும் ரகசியம் காக்க உருமாற்றப்பட்டவை. அவற்றின் பொருள் நமக்குத் தெரியாது. அதனால் மூல டேட்டா கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். பலர் சொல்வது, "ஒவ்வொரு கடைக்கும் மோசடி விகிதம் கணக்கிட்டு ஒரு பத்தியாகச் சேர்ப்பேன்." நல்ல யோசனைதான், ஆனால் உள்ளே ஒரு குழி இருக்கிறது. ஒரு கடையில் ஒரே ஒரு பரிவர்த்தனை, அதுவும் மோசடி என்றால், அந்த வரிக்கு விகிதம் 100 சதவீதம் என்று வந்து உட்காரும். விடைத்தாளையே கேள்வித்தாளோடு சேர்த்துக் கொடுத்த மாதிரி. மாடல் அதைப் படித்துவிட்டுப் பிரமாதமான மதிப்பெண் காட்டும்; நிஜத்தில் ஓட விட்டதும் விழுந்துவிடும்.

இந்தக் குழியைக் கண்டுபிடிக்க வழி உண்டு. ஒரே ஃபீச்சர் மற்ற எல்லாவற்றையும் விட மிக உயரத்தில் நின்றால் சந்தேகப்படுங்கள். டேட்டாவை நேர வரிசையில் அடுக்கி, முன்பகுதியில் பழக்கி, பின்பகுதியில் சோதியுங்கள். கடையின் மோசடி விகிதத்தையும் அந்தப் பரிவர்த்தனை நடந்த கணத்துக்கு முன்பு உறுதியானவற்றிலிருந்து மட்டும் எடுங்கள். கார்டுக்காரர் புகார் தந்து அது உறுதியாகச் சில நாட்கள், ஏன், வாரங்கள்கூட ஆகும் என்பதை மறக்கக் கூடாது. ஸ்மோட் முறையில் செயற்கை மோசடிகளை உருவாக்குவதிலும் இதே போன்ற குழி உண்டு. டேட்டாவைப் பிரிப்பதற்கு முன்பே உருவாக்கினால், சோதனைப் பகுதியின் சாயல் பயிற்சிக்குள் கலந்துவிடும். முதலில் பிரிப்பு, பிறகு பயிற்சிப் பகுதியில் மட்டும் பெருக்கல்.

கடைசிக் கேள்வி: ரேண்டம் ஃபாரஸ்ட்டா, கிரேடியன்ட் பூஸ்டிங்கா? ஃபாரஸ்ட்டில் மரங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் வளர்கின்றன. ஒவ்வொன்றும் வரிகளைத் திரும்பத் திரும்பப் பொறுக்கி எடுப்பதால், வெவ்வேறு வரிகளில் சுமார் 63 சதவீதமே அதன் கைக்கு வரும். பயிற்சியில் 390 மோசடி இருந்தால் ஒரு மரம் காண்பது ஏறக்குறைய 250, அதுவும் நல்ல பரிவர்த்தனைகளின் பெருங்கூட்டத்துக்கு நடுவே. அதனால் ஒவ்வொரு மரத்துக்கும் இரு வகையையும் சம அளவில் பொறுக்கித் தருவது நல்ல தீர்வு.

பூஸ்டிங்கில் அடுத்த மரம் முந்தைய மரங்களின் பிழையைப் பார்த்து வளர்கிறது. ஆரம்பத்தில் மாடல் எல்லோரையும் நல்லவர் என்றே சொல்லும். மோசடி வரிகளில் பிழை ஒன்றை நெருங்கி நிற்கும், மற்றவற்றில் பூஜ்யத்தை நெருங்கி நிற்கும். எனவே கவனம் தானாக மோசடிகள் பக்கம் திரும்புகிறது. இதுவே அதன் பலவீனமும்கூட. நல்ல பரிவர்த்தனை ஒன்று தவறாக மோசடி என்று குறிக்கப்பட்டிருந்தால், அந்த ஒரு வரியை மரத்துக்குப் பின் மரமாகத் துரத்தும். கற்கும் வேகத்தைக் குறைப்பதும், தனிப் பகுதியில் மதிப்பெண் உயராதபோது நிறுத்துவதும் இதற்கான கடிவாளங்கள். எக்ஸ்ஜிபூஸ்ட்டில் `scale_pos_weight` என்பதை 578 என்று வைப்பவர்கள், அதன்பின் வரும் நிகழ்தகவு ஊதிப்போயிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வரிசைப்படுத்த அது உதவும். அப்படியே வாய்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

குறிகள் நம்பகமற்றவை, சீர்செய்ய நேரமும் குறைவு என்றால் நான் ஃபாரஸ்ட்டில் தொடங்குவேன். குறிகள் சுத்தமாகவும் நேரம் கையிலும் இருந்தால் பூஸ்டிங். நேர்காணலில் எதைத் தேர்ந்தாலும், இந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

(அடுத்த வாரம்: எத்தனை அழைப்பு வீணானால் வங்கிக்குக் கட்டுப்படியாகும்?)