இருமல் நின்ற பிறகும் மாத்திரை எதற்கு?

காசநோய்க்கு மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே இருமல் குறையும், பசி எடுக்கும். "அதான் நல்லாயிடுச்சே" என்று பலர் மாத்திரையை நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான்.

வேகமாகப் பெருகும் கிருமிகளே முதலில் சாகின்றன. சில கிருமிகள் நுரையீரலுக்குள் ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும். அவற்றையும் தீர்க்கத்தான் வழக்கமான சிகிச்சை 6 மாதம் நீள்கிறது.

முதல் 2 மாதம் 4 மருந்துகள் தருவார்கள். கோடிக்கணக்கான கிருமிகளில் ஒருசில, இயல்பிலேயே ஏதாவது ஒரு மருந்துக்கு அசையாதவை. அவற்றை மற்ற மருந்துகள் கொன்றுவிடும். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்தபோது, தேறிவந்த பலருக்கு நோய் மீண்டும் முற்றியது. அதற்கு அசையாத கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகியிருந்தன.

பாதியில் நிறுத்தினாலும், விட்டுவிட்டு விழுங்கினாலும் அதே ஆபத்துதான். பிறகு அவர் இருமினால், வீட்டுக் குழந்தைக்குத் தொற்றுவதும் மருந்துக்கு அடங்காத கிருமியாக இருக்கலாம்.

ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். அதைக் கண்டு பயந்து நிறுத்த வேண்டாம். கண் மஞ்சளானாலோ, வாந்தி விடாமல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். மருந்தை மாற்றுவதா, நிறுத்துவதா என்பதை அவர் முடிவு செய்வார்.